96,000 போன ஒரு வீடியோ, 3,000 தாண்டாத ஐந்து வீடியோ: ஷீட் எங்கே தப்பாகச் சொல்கிறது?

கேள்வி: "வீட்டு எலெக்ட்ரிக்கல் ரிப்பேர் சேனல் நடத்துறேன். மிக்ஸி, ஃபேன், தண்ணி மோட்டார், இன்வெர்ட்டர்னு நூறு வீடியோவுக்கு மேல இருக்கு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எல்லா வீடியோவோட வியூஸ், வருமானம் ரெண்டையும் ஷீட்ல ஏத்துறேன். போன ஏப்ரல் கடைசியில போட்ட 'இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எப்போ தண்ணி ஊத்தணும்' முதல் மாசமே 96,000 போச்சு. ஷீட்ல இன்வெர்ட்டர்தான் டாப். அதனால ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும் இன்வெர்ட்டர்ல அஞ்சு போட்டேன்: எந்த பேட்டரி வாங்கலாம், லித்தியமா டியூபுலரா, எத்தனை ஏ.எச். வேணும், சைன் வேவ்னா என்ன, டெர்மினல் சுத்தம் பண்றது எப்படி. முதல் மாசத்துல ஒண்ணுகூட 3,000 தாண்டல. ஷீட்டை நம்பறதா வேண்டாமா?"

ஷீட்டை நம்பலாம். ஆனால் இப்போது அதில் இருக்கும் எண்களுக்கு உங்கள் கேள்வியைத் தாங்கும் பலம் இல்லை. சின்னச் சேனல்கள் சிலவற்றுக்கு மாதக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. இந்த மாதிரி ஷீட் என்னிடம் வரும்போது முதலில் இரண்டு இடங்களைத்தான் பார்ப்பேன். எல்லா வீடியோவையும் ஒரே வயதில் வைத்து அளந்திருக்கிறார்களா, 'தலைப்பு' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டும் இடறுகிறது. இரண்டாவதுதான் பெரிய சிக்கல், இருந்தாலும் முதலாவதைச் சரி செய்யாமல் அதற்குப் போக முடியாது.

வாரா வாரம் மொத்த வியூஸை ஏற்றும்போது, இரண்டு வருடம் முன்பு போட்ட ஃபேன் வீடியோவும் போன மாதம் போட்ட மோட்டார் வீடியோவும் பக்கத்து பக்கத்து வரிசையில் நிற்கின்றன. முன்னதற்கு இரண்டு வருடமாகச் சேர்ந்த வியூஸ், பின்னதற்கு முப்பது நாள் வியூஸ். இவற்றைக் கூட்டி வகுத்து எந்தத் தலைப்பு நல்லது என்று கேட்டால், எதை முதலில் போட்டீர்களோ அதுதான் நல்லது என்று ஷீட் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை வேலையை அதனால் நிறுத்திவிடுங்கள். ஒரு வீடியோவுக்கு இரண்டே முறை எண் எடுத்தால் போதும்: வெளியிட்ட நாளிலிருந்து முதல் 28 நாளுக்கு ஒன்று, முதல் 365 நாளுக்கு ஒன்று. இரண்டிலும் வியூஸ், வருமானம் என நான்கு கட்டங்கள். எழுதிய பின் அவற்றைத் தொடவே கூடாது.

பழைய வீடியோக்களுக்கும் இதைப் பின்னோக்கி எடுக்கலாம். யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் Analytics பக்கத்துக்குப் போய், தேதி இருக்கும் இடத்தில் Custom தேர்ந்தெடுத்து, வெளியிட்ட நாளையும் அதிலிருந்து 27 நாள் கழித்து வரும் தேதியையும் கொடுங்கள். நூறு வீடியோவுக்கும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம், கடைசி நாற்பதில் ஆரம்பியுங்கள். புது வீடியோவுக்கு 28-ஆம் நாளே எடுக்காமல் ஒரு வாரம் விட்டு எடுங்கள். வருமானக் கணக்கு வியூஸைவிடத் தாமதமாக நிரம்பும், அதோடு ஸ்டுடியோவில் காட்டுவது மதிப்பீடுதான். இறுதித் தொகை அடுத்த மாதம் 7-இலிருந்து 12-ஆம் தேதிக்குள்தான் முடிவாகும். தலைப்பை ஒப்பிட மதிப்பீடே போதும், வங்கிக்கு வந்த தொகையோடு ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம். இன்னொன்று: ஸ்டுடியோவின் 'நாள்' அமெரிக்க பசிபிக் நேரப்படி ஓடுகிறது. காலை ஒன்பது மணிக்கு நீங்கள் போட்ட வீடியோ அங்கே முந்தின நாள் இரவில் விழும். 28 நாள் கணக்கில் இது பெரிய வித்தியாசம் தராது, 24 மணி நேரக் கணக்கு எடுப்பவர்களைத்தான் குழப்பும்.

மொத்தமாக இறக்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. Advanced mode-இலிருந்து இறக்கும் கோப்பில் Table data.csv என்று ஒன்று வரும். அதில் தலைப்பு வரிசைக்கு அடுத்த முதல் வரிசையே Total. அதை நீக்காமல் ஷீட்டில் ஒட்டினால் எல்லாக் கூட்டுத்தொகையும் இரட்டிப்பாகிவிடும், சராசரியும் எங்கேயோ போய்விடும். அதே கோப்பில் Content என்ற பத்தியில் பதினொரு எழுத்து வீடியோ அடையாளம் இருக்கும். வரிசைகளைப் பொருத்த வேண்டியது அதை வைத்துத்தான். வீடியோ பெயரை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவீர்கள், அடையாளம் மாறாது. சில அடையாளங்கள் கழித்தல் குறியில் ஆரம்பிக்கும். ஷீட் அதை ஃபார்முலா என்று நினைத்து #NAME? என்றோ #ERROR! என்றோ காட்டும். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை Plain text ஆக்கிவிட்டால் தொல்லை இல்லை.

இனி தலைப்புக்கு வருவோம். நீங்கள் 'இன்வெர்ட்டர்' என்று எழுதியது பொருளின் பெயர். பார்ப்பவர் எதற்காக வந்தார் என்பது அதில் இல்லை. ஓடிய வீடியோவைப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் வைத்திருப்பவர், கோடையில் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்ததும் பேக்கப் குறைகிறதே என்று கவலைப்பட்டு, இப்போதே கையால் செய்துவிடக்கூடிய ஒரு வேலையைத் தெரிந்துகொள்ள வந்தார். அடுத்த ஐந்தில் மூன்று, வாங்கப் போகிறவருக்கானவை. ஒன்று, சைன் வேவ் என்றால் என்ன என்ற விளக்கம். ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு உதவுவது டெர்மினல் சுத்தம் செய்யும் வீடியோ ஒன்றுதான். நீங்கள் ஒரே தலைப்பைத் திரும்பப் போட்டதாக நினைக்கிறீர்கள். உண்மையில் ஒரே பொருளை வைத்து, வேறு ஆட்களுக்கு, வேறு தேவைக்கு வீடியோ போட்டிருக்கிறீர்கள்.

ஆகவே தலைப்புக் கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் பொருள்: மிக்ஸி, ஃபேன், மோட்டார், இன்வெர்ட்டர். இன்னொன்றில் தேவை: பராமரிப்பு, பழுது, வாங்குதல், விளக்கம், கரண்ட் பில். தேவைகள் ஐந்தாறுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு வீடியோவுக்கும் புதுப்புது வகை உண்டாக்கினால் ஒவ்வொன்றிலும் ஒரே வீடியோ இருக்கும், ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. பெயர் சூட்டும்போது அந்த வீடியோவின் வியூஸ் கண்ணில் படக் கூடாது என்பது என் பழக்கம். எண் தெரிந்தால் ஓடிய வீடியோவை நமக்குப் பிடித்த வகையிலும் ஓடாததை மற்றதிலும் போட மனது தானாகவே வேலை செய்யும். அந்த நான்கு பத்திகளையும் மறைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் வகைப்படுத்திவிடுங்கள்.

அடுத்தது சராசரி. உங்கள் ஆறு இன்வெர்ட்டர் வீடியோக்களின் 28 நாள் வியூஸ் 96,000, 3,000, 2,600, 2,400, 2,100, 1,900 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1,08,000, சராசரி 18,000. ஆறு மிக்ஸி வீடியோக்கள் 7,000, 6,300, 6,100, 5,600, 5,200, 4,800 என்றால் கூட்டுத்தொகை 35,000, சராசரி ஆறாயிரத்துக்கும் கீழே. ஷீட்டில் இன்வெர்ட்டர் மூன்று மடங்கு உயரத்தில் நிற்கும். ஆனால் வரிசையாக அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள், ஆறு இருப்பதால் நடு இரண்டின் சராசரி: இன்வெர்ட்டருக்கு 2,500, மிக்ஸிக்கு 5,850. 'நாளைக்கு ஒரு வீடியோ போட்டால் பெரும்பாலும் என்ன கிடைக்கும்' என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், அதற்கு விடை சொல்வது இந்த நடு எண். சராசரி, ஒரே வீடியோவின் எண்ணை ஆறாகப் பிரித்து எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு யூடியூபில் எடுபடாது.

வீடியோ அடையாளம் A-யில், பொருள் D-யில், தேவை E-யில், 28 நாள் வியூஸ் F-இல், 28 நாள் வருமானம் G-யில் இருக்கிறது என்றால், N2-வில் தேவையின் பெயரை எழுதிவிட்டு பக்கத்தில் இதைப் போடுங்கள்:

```
=MEDIAN(FILTER(F$2:F$500, E$2:E$500=N2, F$2:F$500<>""))
```

E-க்குப் பதில் D போட்டால் பொருள் வாரியாக வரும். இரண்டையும் எடுத்து அருகருகே வையுங்கள். பொருள் வாரியாகப் பார்க்கும்போது எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, தேவை வாரியாகப் பார்க்கும்போது நன்றாகப் பிரிந்தால், உங்கள் சேனலுக்கு ஆட்கள் பொருளைப் பார்த்து வருவதில்லை என்று புரியும். அப்போது திரும்பச் செய்ய வேண்டியது மேலே நிற்கும் தேவையை, உதாரணமாகப் பராமரிப்பை. அது மோட்டாராக இருந்தாலும் சரி, மிக்ஸியாக இருந்தாலும் சரி.

நடு எண்ணுக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. யூடியூபில் பல சேனல்களுக்கு வருடத்தின் வருமானத்தில் பெரும்பங்கு ஒரு சில வீடியோக்களிலிருந்துதான் வருகிறது. நடு எண் அந்தச் சிலவற்றைக் கண்டுகொள்ளாது. அதனால் இன்னொரு எண்ணும் வேண்டும்: சேனலின் நடு எண்ணைப் போல மூன்று மடங்கைத் தாண்டிய வீடியோக்கள் அந்த வகையில் எத்தனை. பன்னிரண்டில் மூன்று தாண்டியிருந்தால் அந்த வகைக்குப் பெரிதாக ஓடும் தெம்பு இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். ஆறில் ஒன்று என்றால் எதுவும் சொல்ல முடியாது, அது தலைப்பாலும் இருக்கலாம், அந்த வாரத்தாலும் இருக்கலாம். ஒரு வகையில் ஐந்து வீடியோகூட இல்லையென்றால் நான் எண்ணே போட மாட்டேன், 'தெரியாது' என்று எழுதிவிடுவேன். ஐந்து என்பது கணித விதி அல்ல, என் கைப்பழக்கம்.

ஆறில் ஒன்றாக நிற்கும் உங்கள் வீடியோவைப் பற்றி வேறு வழியில் தெரிந்துகொள்ளலாம். அது ஓடிய 28 நாளுக்கு, ஆட்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று Traffic source-இல் பாருங்கள். YouTube search அதிகமா, Browse features அதிகமா, Suggested videos அதிகமா, External அதிகமா? ஒவ்வொன்றும் 'திரும்பச் செய்' என்பதற்கு வேறு வேறு அர்த்தம் தருகிறது.

தேடல் வழியாக வந்திருந்தால், அந்த வரியைத் தொட்டதும் என்ன சொற்களைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியல் விரியும். 'இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணீர்' என்றே பெரும்பாலும் இருந்தால், அந்தக் கேள்விக்கு உங்கள் வீடியோ ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அதையே வேறு பெயரில் மறுபடி போட்டால் உங்கள் பழைய வீடியோவோடுதான் புதியது போட்டி போடும். ஆனால் அதே பட்டியலில் கீழே இறங்குங்கள். 'பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் குறைவது ஏன்', 'ஆர்.ஓ. தண்ணி ஊத்தலாமா', 'மிதவை சிவப்புல நிக்குது' என்பது போன்ற தேடல்களோடு சிலர் வந்திருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் வீடியோவில் பாதி பதில்தான் கிடைத்திருக்கும். அடுத்த வீடியோவுக்கான தலைப்பு அங்கேதான் இருக்கிறது. தேடல் வீடியோவைத் திரும்பச் செய்வது என்றால் பக்கத்துக் கேள்விக்குப் போவது.

முகப்புப் பக்கம் வழியாக, அதாவது Browse features வழியாக வந்திருந்தால் கதை வேறு. தேடாத ஆட்களுக்கு யூடியூப் தானாகக் காட்டியிருக்கிறது, அவர்களும் தொட்டிருக்கிறார்கள். அங்கே வேலை செய்தது பெரும்பாலும் தம்ப்நெயிலும், 'இதை நான் தப்பாகச் செய்கிறேனோ' என்ற சந்தேகத்தைக் கிளப்பிய பெயரும்தான். அப்படியானால் பொருளை மாற்றிவிட்டு அதே வடிவத்தைத் திரும்பச் செய்யலாம். Suggested videos அதிகம் என்றால் அதையும் விரித்துப் பாருங்கள். வேறொருவருடைய ஒரே வீடியோவிலிருந்து பாதிக்குப் பாதி வந்திருந்தால், அந்த வீடியோவின் அலையில் உங்களுடையது மிதந்திருக்கிறது. அதை நீங்கள் திரும்ப வரவழைக்க முடியாது. External-இல் வாட்ஸ்அப் பெரிதாகத் தெரிந்தால் குடும்பக் குழுக்களில் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய விஷயங்கள் அப்படிச் சுற்றும், வாங்கும் ஆலோசனை சுற்றுவது குறைவு.

இவ்வளவும் வியூஸ். வருமானம் தனிக் கேள்வி, இரண்டையும் ஒரே எண்ணாகக் கலக்காதீர்கள். ஆயிரம் வியூஸுக்கு உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதுதான் ஆர்.பி.எம். ஒரு வகையின் ஆர்.பி.எம். எடுக்கும்போது, ஒவ்வொரு வீடியோவின் ஆர்.பி.எம்.மையும் கூட்டிச் சராசரி எடுப்பது தவறு. 400 வியூஸ் வீடியோவும் 40,000 வியூஸ் வீடியோவும் அங்கே ஒரே எடை பெற்றுவிடும். வகையின் மொத்த வருமானத்தை மொத்த வியூஸால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள்:

```
=SUMIF(E$2:E$500,N2,G$2:G$500)/SUMIF(E$2:E$500,N2,F$2:F$500)*1000
```

வாங்கும் ஆலோசனை வகைக்கு ஆர்.பி.எம். கூடுதலாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பேட்டரி விற்பவர்கள் விளம்பரம் போட விரும்பும் இடம் அது. ஆனால் 'தலைப்பு மாறியதால்தான் ஆர்.பி.எம். மாறியது' என்று சொல்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். முதலாவது நீளம். எட்டு நிமிடமும் அதற்கு மேலும் உள்ள வீடியோவுக்குத்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும், 2020 ஜூலை வரை அது பத்து நிமிடமாக இருந்தது. உங்கள் வாங்கும் ஆலோசனை வீடியோ எல்லாம் பன்னிரண்டு நிமிடம், மிக்ஸி வீடியோ எல்லாம் ஐந்து நிமிடம் என்றால் ஷீட்டில் தெரியும் வித்தியாசம் நீளத்தின் வித்தியாசமாகவே இருக்கலாம். நீளத்துக்கு ஒரு பத்தி வைத்து, எட்டு நிமிடத்துக்குக் கீழே இருப்பவற்றைத் தனியாகவும் மேலே இருப்பவற்றைத் தனியாகவும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது மாதம். விளம்பரச் செலவு தீபாவளியை ஒட்டியும் வருடக் கடைசியிலும் ஏறி, ஜனவரியில் இறங்குவது வழக்கம். அக்டோபரில் போட்ட வீடியோ ஜனவரியில் போட்டதை ஆர்.பி.எம்.மில் வெல்வது தலைப்பின் பெருமை இல்லை. அந்த வீடியோவின் ஆர்.பி.எம்.மை அதே 28 நாளில் முழுச் சேனலின் ஆர்.பி.எம்.மால் வகுத்து ஒரு பத்தியில் வையுங்கள். 1-க்கு மேலே இருந்தால் அந்தக் காலத்துச் சேனல் அளவைவிட மேல், கீழே இருந்தால் கீழ். சேனல் வளர்ந்துகொண்டே இருந்தால் வியூஸுக்கும் இதே வைத்தியம்தான்: முந்தைய பத்து வீடியோவின் நடு எண்ணால் வகுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பார்ப்பவர் இருக்கும் நாடு. தமிழ்ச் சேனல்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுபோனவர்களுக்காக 'கனடாவில் இந்திய மிக்ஸி ஓடுமா' என்று ஒரு வீடியோ போட்டால், நம் மிக்ஸி 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், அங்கே 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் என்பதால் பார்க்க வருகிறவர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள்தான். வியூஸ் குறைவு, ஆர்.பி.எம். ஊர் வீடியோக்களைவிடப் பல மடங்கு இருக்கும். ஷீட்டில் அது தங்கச் சுரங்கம் போலத் தெரியும். ஆனால் அங்கே எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மிக்ஸி, கிரைண்டர், ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வாட்ஸ் வாங்குவது, அவ்வளவுதான். சிங்கப்பூரிலும் லண்டனிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. மூன்று வீடியோ போடத் தகுந்த தலைப்பு, முப்பதுக்கு ஆகாது. ஷீட் இதைச் சொல்லாது, தொழில் தெரிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

365 நாள் கட்டம் எதற்கு என்றால், முதல் மாதத்தில் தோற்ற வகை வருடக் கடைசியில் ஜெயிக்கும். புரிந்துகொள்ள ஒரு கணக்கு. 'மோட்டார் ஹம்மிங் சத்தம் மட்டும் வருது, சுத்தல' என்று கெபாசிட்டர் மாற்றும் வீடியோ முதல் 28 நாளில் 1,500 வியூஸ், ஆர்.பி.எம். 30 ரூபாய், ஆக 45 ரூபாய். புது மாடல் மிக்ஸி வீடியோ அதே 28 நாளில் 5,850 வியூஸ், ஆர்.பி.எம். 25, ஆக 146 ரூபாய். மோட்டாரை விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் மோட்டார் வருடம் முழுக்க யார் வீட்டிலாவது நின்றுகொண்டே இருக்கும், அவர் அப்போது தேடுவார். 365 நாளில் அது 14,000-ஐத் தொட்டால் 420 ரூபாய். மிக்ஸி மாடல் பழசானதும் 9,000-இல் நின்றுவிட்டால் 225 ரூபாய். எடுத்த உழைப்பையும் சேருங்கள். படப்பிடிப்பு, எடிட்டிங், பொருள் தேடி அலைந்தது எல்லாம் சேர்த்து மோட்டாருக்கு எட்டு மணி நேரம், மிக்ஸிக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒரு மணிக்கு 52 ரூபாய்க்கு 37 ரூபாய். 28 நாள் கட்டம் மட்டும் இருந்திருந்தால் முடிவு தலைகீழாகப் போயிருக்கும். உழைப்பு நேரத்தை வீடியோ வெளியான அன்றே எழுதிவிடுங்கள். மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால், ஓடிய வீடியோவுக்குக் குறைவாகவும் ஓடாததற்கு அதிகமாகவும்தான் கை எழுதும்.

ஷார்ட்ஸ் போடுகிறீர்கள் என்றால் அதற்குத் தனி ஷீட் வைத்துவிடுங்கள். பங்கு பிரிக்கும் முறையே வேறு: நீள வீடியோவில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸில் உங்கள் கணக்கில் ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம். 2025 மார்ச் 31-இலிருந்து ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள். அதற்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் Engaged views பத்தியைத்தான் எடுக்க வேண்டும். கடைக்காரர் நேரடியாகக் கொடுத்த ஸ்பான்சர் பணமும் ஸ்டுடியோ வருமானத்தில் வராது. அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், ஆர்.பி.எம்.மில் கலக்காதீர்கள்.

இவ்வளவு செய்த பிறகும் ஷீட்டுக்கு ஒரு பக்கம் வலிமை, ஒரு பக்கம் பலவீனம் உண்டு. எதை விட வேண்டும் என்று அது ஓரளவு உறுதியாகச் சொல்லும். எட்டு வீடியோ போட்டும் 28 நாளிலும் 365 நாளிலும் நடு எண் அடியிலேயே கிடந்து, மூன்று மடங்கைத் தாண்டியது ஒன்றுகூட இல்லையென்றால் அந்த வகையை விடலாம். எது அடுத்து பெரிதாக ஓடும் என்பதை அது சொல்லாது. நீங்கள் இதுவரை போடாத தலைப்புக்கு அதில் வரிசையே கிடையாது. அதனால் என்னிடம் கணக்கு பார்க்க வருபவர்களுக்கு, ஐந்தில் ஒரு வீடியோவையாவது ஷீட்டில் இல்லாத தேவைக்கு ஒதுக்கச் சொல்கிறேன்.

உங்கள் ஐந்து வீடியோ விஷயத்தில் இப்போதைக்கு என்ன செய்வது? அவற்றை இன்னும் தோல்வி என்று எழுத வேண்டாம். ஓடிய வீடியோ வெளியானது ஏப்ரல் கடைசியில், அதன் 28 நாளில் பெரும்பகுதி கரண்ட் போகும் மே மாதத்தில் விழுந்தது. மற்ற ஐந்தும் ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் வந்தவை. அவை இன்னும் ஒரு கோடையைக்கூடப் பார்க்கவில்லை. பேட்டரி வாங்குகிறவரும் பெரும்பாலும் அப்போதுதான் தேடுவார். இந்த ஐந்துக்கும் 365 நாள் கட்டத்தைக் காலியாக விட்டு, ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு மட்டும் தனியாக ஒரு எண் எடுத்துக் குறிப்பு பத்தியில் வையுங்கள். அதுவரை இன்வெர்ட்டரில் புதிதாக எதுவும் எடுக்க வேண்டாம். ஓடிய வீடியோவின் தேடல் பட்டியலில் கீழே கிடக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்து, மார்ச் கடைசி வாரத்தில் வெளியிடத் தயாராக வைத்திருங்கள். நடுவில் இருக்கும் வாரங்களுக்கு மோட்டார் பராமரிப்பில் இரண்டு, மிக்ஸி பராமரிப்பில் இரண்டு போட்டால், 'பராமரிப்பு' என்ற வகையில் பேசத் தகுந்த அளவுக்கு வரிசைகள் சேர்ந்துவிடும்.